காதம் எத்தனை கிலோமீட்டர்?

பழைய பயண நூல்களைப் பதிப்பிப்பவர்களும் கல்வெட்டுகளுக்குக் குறிப்பு எழுதுபவர்களும் ஓரிடத்தில் தவறாமல் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மூலத்தில் இத்தனை காதம் என்று இருக்கும். இன்றைய வாசகருக்கு அதைக் கிலோமீட்டரில் சொல்ல வேண்டும். அகராதியைத் திறந்தால் ஒரு விடை கிடைக்கும், நீட்டலளவை வாய்பாட்டைப் பார்த்தால் இன்னொன்று கிடைக்கும், வடமொழி நூல்களின் யோசனைக் கணக்கிலிருந்து இறங்கி வந்தால் மேலும் ஒன்று கிடைக்கும். இந்த விடைகளுக்கு இடையிலான வேறுபாடு சிறியதன்று. 32 காதம் என்பது ஒரு கணக்கில் 117 கி.மீ., மற்றொன்றில் 214 கி.மீ., இன்னுமொன்றில் 515 கி.மீ. ஆறகளூரில் நின்று வடக்கே நடக்கும் ஒருவரை முதல் கணக்கு காஞ்சிபுரத்துக்கு வெகு முன்பே நிறுத்திவிடும். மூன்றாவது கணக்கு அவரை ஆந்திரத்துக்குள் வெகுதூரம் கொண்டுபோய்விடும்.

எந்த விடை எங்கிருந்து வந்தது, எங்கே அது பொருந்தாமல் போகிறது, நிலத்தில் அளந்து பார்க்கத்தக்க சான்று எது என்பவற்றை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. மையமாக எடுத்துக்கொண்டது தமிழகக் காதம். யோசனையும் சீனத்து லீயும் அதற்கு வெளிச்சம் தரும் அளவுக்கு மட்டும் இடம்பெறுகின்றன.

பத்து மைல் என்ற விடை

மிகப் பரவலான விடை பத்து மைல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதி காதத்துக்குச் சுமார் பத்து மைல் என்றே பொருள் தருகிறது. அதற்கு முந்தைய 19-ஆம் நூற்றாண்டு அகராதிகளும் சென்னை மாகாண நிர்வாகக் குறிப்புகளும் இதே அளவைச் சொல்லியிருந்தன. இன்றும் பாடநூல் அடிக்குறிப்புகளிலும் கல்வெட்டுச் செய்திகளிலும் ஒரு காதம் 16 கி.மீ. என்று காணும்போது, அது இந்த வழியில் வந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இந்த அளவின் அடிப்படை கயிறோ கோலோ அன்று, நேரம். அக்காலத்து மக்கள் வழித்தூரத்தை நாழிகைவழியில் சொன்னார்கள். ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரம் நாழிகைவழி. அது சுமார் ஒன்றரை மைல் என்றும், ஏழு அல்லது ஏழரை நாழிகைவழி சேர்ந்தது ஒரு காதம் என்றும் ஆங்கிலேய அதிகாரிகள் பதிந்துகொண்டார்கள். நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை மூன்று மணி நேரம், அதாவது ஒரு சாமம். எனவே பத்து மைல் காதம் என்பது ஒரு சாமம் முழுக்க நடந்தால் கடக்கும் தூரம்.

இதன் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் 16 கி.மீ. கடக்க வேண்டுமானால் மணிக்கு 5.4 கி.மீ. நடக்க வேண்டும். ஏழு நாழிகையில் என்றால் மணிக்கு 5.7 கி.மீ. ஆகிறது. ஓலை கொண்டு ஓடும் ஆளுக்கு இது இயல்பான வேகம். தலைச்சுமையோடு போகும் வணிகருக்கும், குடும்பத்தோடு போகும் யாத்திரிகருக்கும், பொதி மாட்டுக்கும் இது அதிகம். மணிக்கு மூன்று கி.மீ. நடப்பவருக்கு அதே சாமத்தில் ஒன்பது கி.மீ.தான் ஆகும். நேரத்தைத் தூரமாக மாற்றியவர்கள் வேகமாக நடப்பவரையே அளவுகோலாகக் கொண்டார்கள் என்று கருத இடமுண்டு. மைல் கணக்கில் முழு எண்ணாக வருவதும் அந்த அளவுக்கு ஒரு கவர்ச்சியைக் கொடுத்திருக்கலாம்.

பத்து மைலைப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஆவணம் ஒன்றில் காதம் வந்தால், அதை எழுதியவர் மனத்தில் இருந்தது இந்த அளவாக இருக்கலாம். அதை ஐந்நூறு, ஆயிரம் ஆண்டுகள் பின்னே கொண்டுபோய் ஒட்டுவதுதான் சிக்கல்.

விரலில் தொடங்கும் கணக்கு

இரண்டாவது நிலைப்பாடு நீட்டலளவை வாய்பாட்டை நம்புகிறது. விரலிலிருந்து சாண், சாணிலிருந்து முழம், முழத்திலிருந்து கோல் அல்லது தண்டம், ஐந்நூறு தண்டம் ஒரு கூப்பிடு தூரம், நான்கு கூப்பிடு தூரம் ஒரு காதம், நான்கு காதம் ஒரு யோசனை என்று அது ஏறிச் செல்கிறது. ஒவ்வொரு படியிலும் பெருக்கும் எண் தெளிவாக இருப்பதால், அடிப்படை விரலின் நீளம் தெரிந்தால் போதும், காதம் தானாகக் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை இது தருகிறது.

ஆனால் வாய்பாடு ஒன்றல்ல. ஒரு வடிவத்தில் நான்கு முழம் ஒரு தண்டம். முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் தண்டம் ஆறு அடி, கூப்பிடு தூரம் மூவாயிரம் அடி, காதம் பன்னிரண்டாயிரம் அடி, அதாவது 3.66 கி.மீ. இன்னொரு வடிவத்தில் இரண்டு முழம் ஒரு கோல், நான்கு கோல் ஒரு தண்டம். அப்போது தண்டத்துக்கு எட்டு முழம் ஆகிறது. இந்த வடிவத்தில் முழமும் சற்றுக் குறைவாக, 16.5 அங்குலமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. தண்டம் 11 அடி, காதம் 22,000 அடி, அதாவது 6.7 கி.மீ. இன்று பரவலாகக் காணப்படும் பட்டியல்களில் உள்ள 6.7 இப்படி வந்ததே.

ஆக 3.66-க்கும் 6.7-க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரே படியில் விழுந்தது. தண்டத்துக்கு எத்தனை முழம் என்பதுதான் அந்தப் படி. சோழர் காலக் கல்வெட்டுகள் இதில் ஒரு வெளிச்சம் தருகின்றன. நிலம் அளக்கப் பன்னிரு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் வழக்கில் இருந்ததை அவை காட்டுகின்றன. பதினாறு சாண் என்பது எட்டு முழம். ஆகவே எட்டு முழத் தண்டம் ஏட்டுக் கற்பனை அன்று, கையில் பிடித்து அளந்த கோலுக்கு நெருக்கமானது. சாண் ஒன்பது அங்குலம் என்று வைத்துக் கணக்கிட்டால் பதினாறு சாண் கோலால் வரும் காதம் 7.3 கி.மீ., பன்னிரு சாண் கோலால் வரும் காதம் 5.5 கி.மீ.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கோல்கள் ஊருக்கு ஊர் மாறின. அதனால்தான் இன்ன கோலால் அளந்தது என்று ஆவணங்களில் சொல்ல வேண்டியிருந்தது, கோயில் சுவரில் கோலின் நீளத்தை வெட்டிவைக்கவும் வேண்டியிருந்தது. மேலும் அவை வரிக்காக வயலை அளந்த கோல்கள். அவற்றைக் கொண்டு யாரேனும் பெருவழியை அளந்தார்களா என்பது வேறு கேள்வி. வாய்பாட்டில் இரண்டும் ஒரே வரிசையில் நிற்பதால், நடைமுறையிலும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று ஆகிவிடாது. கூப்பிடு தூரம் என்ற படியைப் பாருங்கள். ஒருவர் கூப்பிட்டால் மற்றவருக்குக் கேட்கும் தூரம் அது. வழிநடையில் பிறந்த அந்த அளவையும் வயலில் பிறந்த கோலையும் பின்னால் வந்த யாரோ ஐந்நூறு என்ற முழு எண்ணால் இணைத்திருக்க வேண்டும். கணக்காசிரியருக்கு அது வசதி. ஆனால் அந்த இணைப்பை அளவீட்டின் முடிவாக நாம் எடுத்துக்கொள்வது ஆபத்து.

யோசனையிலிருந்து இறங்கும் வழி

மூன்றாவது நிலைப்பாடு காதத்தை யோசனையின் கால்பங்கு என்று கொண்டு, யோசனையை முதலில் நிலைநிறுத்த முயல்கிறது. இதற்குப் பின்புலம் உண்டு. காதமும் பாலி நூல்களின் காவுதமும் சிங்களத்தின் கவ்வவும் வடமொழியின் கவ்யூதியும் ஒரே குடும்பம். பாலியில் காவுதம் யோசனையின் நாலில் ஒன்று.

யோசனையோ காதத்தைவிட அதிகம் சர்ச்சைக்குள்ளானது. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் ஒரு பாடத்தில் கோருதம் ஆயிரம் வில், இன்னொரு பாடத்தில் இரண்டாயிரம் வில். நான்கு கோருதம் ஒரு யோசனை என்பதால், பாடத்தைப் பொறுத்து யோசனை சுமார் 7.3 கி.மீ. ஆகவோ 14.6 கி.மீ. ஆகவோ ஆகிறது. சீனத் துறவி சுவான்சாங் 7-ஆம் நூற்றாண்டில் எழுதும்போதே, யோசனைக்குப் பழைய கணக்கில் 40 லீ, இந்திய நாடுகளின் வழக்கில் 30 லீ, சமய நூல்களில் 16 லீ என்று மூன்று மதிப்புகள் தந்திருக்கிறார். ஒரே யோசனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் இருந்தன என்பது அன்றைய பயணிக்கே தெரிந்திருந்தது.

அலெக்சாண்டர் கன்னிங்காம் 1871-இல் வெளியிட்ட பண்டைய இந்தியப் புவியியல் நூலில், அடையாளம் உறுதியான ஊர்களுக்கு இடையிலான தூரத்தைச் சீனப் பயணிகள் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டு, யோசனைக்கு ஏறக்குறைய ஆறே முக்கால் மைல் என்று கணக்கிட்டார். ஜே. எஃப். ஃபிளீட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை மறுபரிசீலனை செய்து, ஒரே மதிப்பைத் தேடுவதே தவறு என்ற நிலைக்கு வந்தார். ஒன்பது மைல் அளவில் ஒரு யோசனையும், அதில் பாதியான இன்னொன்றும், ஒரு நாள் நடையை ஒட்டிய பன்னிரண்டு மைல் அளவிலான மூன்றாவதும் இருந்தன என்பது அவர் முடிவு. விவரங்களில் அவரோடு வேறுபட்டவர்கள் உண்டு. ஆனால் பன்மையை ஏற்ற அந்த அணுகுமுறைதான் நிலைத்தது. அது நியாயமும்கூட.

காதத்துக்கு இதனால் கிடைப்பது குறைவு. ஒன்பது மைல் யோசனையின் கால்பங்கு 3.66 கி.மீ. ஆகும். இது நான்கு முழத் தண்டத்தின் வாய்பாடேதான், புதிய சான்று அன்று. இலங்கையில் அண்மைக் காலம் வரை வழங்கிய கவ்வ சுமார் நான்கு மைல், அதாவது 6.4 கி.மீ. அதை நான்கால் பெருக்கினால் யோசனை 16 மைல் ஆகிறது. அது மேற்சொன்ன எந்த யோசனையோடும் ஒத்துப்போகவில்லை. ஒரு விஷயம் மட்டும் கவனத்துக்குரியது. பத்து மைல் காதம் ஒன்பது மைல் யோசனைக்கு மிக அருகில் இருக்கிறது. யோசனை பேச்சுவழக்கிலிருந்து மறைந்து புராணத்துக்குரிய அளவாக மாறியபோது, அதன் இடத்துக்குக் காதம் உயர்ந்திருக்கலாம். இது ஊகமே. எனினும் பெயர் நிலைத்திருக்க அளவு மாறுவது நீட்டலளவைகளில் அடிக்கடி நடந்திருக்கிறது.

ஆறகளூர்க் கல்

மேலே கண்ட மூன்று வழிகளும் நூல்களிலிருந்து வருபவை. நிலத்தில் நின்று சோதிக்க நமக்குக் கிடைத்திருக்கும் சிறந்த சான்று, இடைக்காலப் பெருவழிகளில் நட்ட தூரக் கற்கள். சேலம் மாவட்டம் ஆறகளூரில் கிடைத்த கல் அவற்றுள் முதன்மையானது. மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகரம் ஆறகளூர். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல் மகதேசன் பெருவழியைக் குறிப்பிட்டு, காஞ்சிபுரத்துக்கு 32 காதம் என்கிறது. எழுத்தறியாதவர்களுக்காக மூன்று பெரிய குழிகளும் இரண்டு சிறிய குழிகளும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தும் குழியும் ஒன்றையொன்று உறுதிசெய்வதால் எண்ணைத் தவறாகப் படித்துவிட்டோமோ என்ற ஐயத்துக்கு இடமில்லை. மாற்றுக் கணக்குகளில் இப்படிப்பட்ட வாய்ப்பு அரிது.

கணக்கைப் படிப்படியாகச் செய்து பார்க்கலாம். ஆறகளூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 170 கி.மீ. எந்தப் பாதையும் இதைவிடக் குறைவாக இருக்க முடியாது. 170-ஐ 32-ஆல் வகுத்தால் 5.3. ஆகவே காதம் 5.3 கி.மீ.க்குக் குறையாது. 3.66 கி.மீ. காதம் இந்த ஒரே வகுத்தலில் விழுந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் 32 காதம் 117 கி.மீ.தான்.

அடுத்தது மேல் எல்லை. நடைபாதை நேர்கோட்டைவிட எவ்வளவு கூடும் என்பது நிலத்தைப் பொறுத்தது. இங்கே வழி கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி விலகி, பின் பெரும்பாலும் சமவெளியில் தென்பெண்ணை, செய்யாறு, பாலாறு ஆகியவற்றைக் கடக்க வேண்டும். மலைச்சுற்று அதிகம் இல்லாத இப்படிப்பட்ட நிலத்தில் பத்திலிருந்து இருபது விழுக்காடு கூடுதல் என்பது ஏற்கத்தக்க மதிப்பு. ஆற்றில் இறங்கத் தோதான துறையைத் தேடிப் போவதும் ஊர்களைத் தொட்டுச் செல்வதும் அதில் அடங்கும். அப்போது பாதை 190 முதல் 205 கி.மீ. வரை, காதம் 5.9 முதல் 6.4 கி.மீ. வரை. பாதை இன்னும் வளைந்தது என்று கொண்டு 26 விழுக்காடு கூட்டினால் 6.7-உம் பொருந்திவிடும். ஆனால் பத்து மைல் காதம் பொருந்த வேண்டுமானால் பாதை 515 கி.மீ. ஆக, நேர்கோட்டைப்போல மும்மடங்காக இருக்க வேண்டும். அப்படி ஒரு வழி இந்த இரு ஊர்களுக்கு இடையே சாத்தியமில்லை.

இதில் பிழை புகக்கூடிய இடங்களையும் சொல்ல வேண்டும். காதத்தை முழு எண்ணாக வெட்டியதால் வரும் பிழை சிறியது. 31 அரைக்கும் 32 அரைக்கும் இடையே எதுவாக இருந்தாலும் ஒன்றரை விழுக்காடுதான் மாறும். கல் முதலில் நின்ற இடம் இன்று கிடைத்த இடத்திலிருந்து ஓரிரு கிலோமீட்டர் விலகியிருந்தாலும் விடை அசையாது. தூரம் நீளமாக இருப்பதன் நன்மை அது. பெரிய ஐயம் பாதையின் வளைவில்தான் இருக்கிறது. அதனால்தான் விடையை ஒரே எண்ணாகச் சொல்லாமல் 6 கி.மீ.யை ஒட்டிய வரம்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வரம்பு இலங்கைக் கவ்வவின் நான்கு மைலையும் எட்டு முழத் தண்டத்தின் காதத்தையும் ஒட்டி வருவது குறிப்பிடத்தக்கது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வழிகள் ஒரே வட்டாரத்தைச் சுட்டுகின்றன.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் இரண்டும் இதே வகையைச் சேர்ந்தவை. ஒன்று நாவல் தாவளத்துக்கு 27 காதம் என்கிறது, மற்றொன்று 29 காதம் என்கிறது. தாவளம் என்பது வணிகர் தங்குமிடம். அந்த இடம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லாததால் ஆறகளூர்க் கணக்கை இங்கே அப்படியே செய்ய முடியாது. ஆனால் மேல் எல்லை ஒன்றைச் சொல்லலாம். பத்து மைல் காதத்தில் 29 காதம் 467 கி.மீ. ஆகும். தருமபுரியிலிருந்து கிழக்கே 200 கி.மீ.க்குள் கடல் வந்துவிடும். தெற்கே 467 கி.மீ. என்பது குமரிமுனையை எட்டிவிடும் தூரம். ஆறு கிலோமீட்டர் காதத்தில் 29 காதம் 174 கி.மீ. ஒரு பெருவழியின் வணிகத் தாவளத்துக்கு இயல்பான தூரம் அதுவே.

இந்த இரு கற்களுக்கு மற்றொரு சிறப்பு உண்டு. ஒரே வழியில், ஒரே இலக்கைக் காட்டி, இரண்டு காதம் இடைவெளியில் நிற்பவை அவை. இலக்கு எதுவாக இருந்தாலும், கழித்தால் அது கணக்கிலிருந்து மறைந்துவிடும். இரண்டும் நட்ட இடத்திலேயே நின்றவை என்று நிறுவ முடிந்தால், அவற்றுக்கு இடையிலான பழைய பாதையை நடந்து அளந்து பாதியாக்கினால் போதும். ஆனால் தூரம் குறைவாக இருப்பதால், இங்கே ஒரு கல் இரண்டு கிலோமீட்டர் நகர்ந்திருந்தாலே விடை கெட்டுவிடும். ஆறகளூர்க் கல்லுக்கு இருந்த பாதுகாப்பு இவற்றுக்கு இல்லை.

புகாரிலிருந்து மதுரைக்கு

இலக்கியத்துக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை எவ்வளவு தூரம் என்று கண்ணகி கேட்க, கோவலன் ஆறைங்காதம், அதாவது முப்பது காதம் என்கிறான். தமிழ் வாசகர்கள் காதத்தை மாற்றிப் பார்க்க விரும்பும் முதல் இடம் பெரும்பாலும் இதுதான்.

பூம்புகாருக்கும் மதுரைக்கும் நேர்கோட்டில் சுமார் 230 கி.மீ. காப்பியத்தின் வழி காவிரியை ஒட்டித் திருவரங்கம் சென்று, உறையூர் வழியாகத் தெற்கே திரும்புகிறது. அந்த வளைவை மட்டும் சேர்த்தாலே 250 கி.மீ. வரும். நடைபாதையின் கூடுதலையும் சேர்த்தால் 275 முதல் 290 கி.மீ. முப்பதால் வகுத்தால் காதம் 9.2 முதல் 9.7 கி.மீ. வரை. அகராதியின் 16 இதற்கு மிக அதிகம், 483 கி.மீ. ஆகிவிடும். வாய்பாட்டின் 6.7 மிகக் குறைவு. அது 201 கி.மீ., நேர்கோட்டைக்கூட எட்டவில்லை. வழங்கிவரும் மூன்று மதிப்புகளில் ஒன்றுமே இங்கே பொருந்துவதில்லை.

இதற்கு மூன்று விளக்கங்கள் சாத்தியம். காப்பியக் காலத்துக் காதம் 13-ஆம் நூற்றாண்டின் காதத்தைவிட நீளமாக இருந்திருக்கலாம். மெல்ல நடப்பவரின் ஒரு சாமம் ஒன்பது கி.மீ. ஆவதை மேலே கண்டோம். அது இந்த விளக்கத்துக்குத் துணை நிற்கிறது. அல்லது, கோவலன் தூரத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். கேட்பவள் புகாரின் எல்லையைக் கடந்ததுமே களைத்துப்போனவள், அவளைத் தேற்றும் பேச்சில் வரும் எண் அது. ஆறு கிலோமீட்டர் காதத்தில் உண்மைத் தூரம் நாற்பதைத் தாண்டும். மூன்றாவது விளக்கம், முப்பது என்பது அளந்த எண்ணே அன்று, வழக்கில் உறைந்த எண் என்பது.

மூன்றாவதற்கு வலுவான துணைச்சான்று மணிமேகலையில் இருக்கிறது. மணிமேகலா தெய்வம் மணிமேகலையைப் புகாரிலிருந்து தெற்கே மணிபல்லவத்துக்கு எடுத்துச் செல்லும் தூரமும் அதே ஆறைந்துதான். ஆனால் அங்கே அளவு யோசனை. மணிபல்லவத்தை நயினாதீவாகக் கொள்வோர் பலர். பூம்புகாரிலிருந்து அது 170 கி.மீ. அளவில் இருக்கிறது. அப்படியானால் யோசனை 5.7 கி.மீ. ஆகிறது. காதத்தைப்போல நான்கு மடங்கு இருக்க வேண்டிய யோசனை, சிலப்பதிகாரக் காதத்தைவிடச் சிறிதாகிவிடுகிறது. மாறாக யோசனைக்கு 14.6 கி.மீ. என்று கொண்டால், முப்பது யோசனை நீர்கொழும்பு இருக்கும் அகலாங்குக்குக் கொண்டுபோய்விடும். இரட்டைக் காப்பியங்கள் இரண்டிலும் ஒரே எண் வெவ்வேறு அளவோடு வருவதைப் பார்க்கும்போது, முப்பது என்பது நெடுந்தூரத்தைச் சொல்லும் மரபுத்தொடராக இருந்திருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது. அப்படியானால் அதை வகுத்துப் பெறும் எந்த மதிப்பும் காதத்தின் அளவைப் பற்றி எதையும் சொல்லாது.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோவலனும் கண்ணகியும் ஒரு நாளைக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடக்கவில்லை என்றும் சிலப்பதிகாரம் சொல்கிறது. நடந்து பழகாத பெண்ணும் தவமூதாட்டியும் ஒரு நாளில் கடக்கும் தூரம் அது. கவிஞர் இதைக் குறைந்த நடையாகவே காட்டுகிறார். ஆறு முதல் ஒன்பது கி.மீ. அந்தச் சித்திரத்துக்குப் பொருந்தும். நாள்தோறும் 16 கி.மீ. என்றால் அது சாதாரண யாத்திரிகரின் முழு நடைக்கு நெருங்கிவிடுகிறது. காப்பியத்தில் எண் தாங்கி வரும் முப்பதைவிட, எண்ணமின்றி வரும் இந்தச் சிறு குறிப்புதான் நம்பகமானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கேட்டு எழுதிய தூரங்கள்

அளவைச் சரியாக மாற்றினாலும் விடை தவறாகலாம் என்பதற்கு வெளிநாட்டுப் பயணிகள் சான்று. 6-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய காஸ்மாஸ், இலங்கைத் தீவு 300 காவுதம் நீளம், அதாவது 900 மைல் என்று தானே மாற்றித் தந்திருக்கிறார். அந்தப் பழைய மாற்றத்தின்படி காவுதம் மூன்று ரோமானிய மைல், சுமார் 4.4 கி.மீ. இது சாத்தியமான மதிப்புதான். ஆனால் 300 காவுதம் 1,330 கி.மீ. ஆகிறது. தீவின் உண்மை நீளமோ சுமார் 430 கி.மீ. தீவின் அளவை வைத்துக் காவுதத்தைக் கணக்கிட்டால் அது ஒன்றரை கி.மீ.க்கும் குறைந்துபோகும். பிழை அளவில் இல்லை, எண்ணில் இருக்கிறது. துறைமுகத்தில் வணிகர்கள் சொன்னது அந்த எண்.

சுவான்சாங்கிலும் இதே நிலை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே மலகூடம் 3,000 லீ என்கிறார். கன்னிங்காம் கொண்ட மதிப்பின்படி அது 500 மைல், 800 கி.மீ. காஞ்சியிலிருந்து குமரிமுனையே நேர்கோட்டில் 575 கி.மீ. அளவில்தான் இருக்கிறது. மலகூடத்துக்கு அவர் நேரில் போகவில்லை, காஞ்சியில் கேட்டு எழுதினார் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வட இந்தியாவில் அவர் நடந்து எழுதிய தூரங்களைக் கொண்டு பெற்ற லீயை இங்கே அப்படியே பொருத்தினால் ஊர் கடலுக்குள் போய்விடும். மாறாக இந்த 3,000-ஐக் கொண்டு லீயைக் கணக்கிட்டால், வடக்கே சரியாகப் பொருந்திய ஊர்கள் எல்லாம் இடம் மாறிவிடும். நேரில் நடந்த தூரத்தையும் கேள்விப்பட்ட தூரத்தையும் பிரிக்காமல் சராசரி எடுப்பது இந்தத் துறையில் மிக அதிகமாக நடந்த தவறு.

மாற்றும்போது செய்யத்தக்கது

இவற்றிலிருந்து பதிப்பாசிரியருக்குப் பயன்படும் நடைமுறை ஒன்று கிடைக்கிறது. முதலில் அந்த நூலுக்குள்ளேயே, அடையாளம் உறுதியான இரண்டு ஊர்களுக்கு இடையே நூலாசிரியர் நேரில் நடந்த தூரங்கள் உண்டா என்று தேட வேண்டும். இருந்தால் நேர்கோட்டுத் தூரத்தை வகுத்துக் கீழ் எல்லையைப் பெற வேண்டும். அதற்குக் கீழே உள்ள மதிப்புகள் அத்தோடு விலகும். பிறகு நிலத்துக்கு ஏற்ற வளைவைக் கூட்டி வரம்பைப் பெறலாம். இப்படிப் பல இணைகளில் கிடைத்த வரம்புகள் ஒன்றையொன்று தழுவினால், அந்த நூலாசிரியருக்கு ஒரு காதம் உண்டு என்று சொல்லலாம். தழுவாவிட்டால் அவர் காலத்தால் சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா, பல வட்டாரக் காதங்களைக் கலந்தாரா என்று பார்க்க வேண்டும்.

ஒரு பொறி இதில் இருக்கிறது. அடையாளம் ஐயத்துக்குரிய ஊரை வைத்துக் காதத்தைக் கணக்கிட்டு, பிறகு அந்தக் காதத்தால் அதே ஊரின் அடையாளத்தை நிறுவுவது. மணிபல்லவம், நாவல் தாவளம் போன்ற இடங்களில் இது எளிதாக நடந்துவிடும். இந்த இடங்களை அளவைக் கண்டறியப் பயன்படுத்தக் கூடாது. வேறிடத்தில் கிடைத்த அளவைக் கொண்டு இவற்றைச் சோதிக்கலாம்.

அடிக்குறிப்பில் ஒற்றை எண்ணைத் தராமல், இன்ன காலத்து இன்ன வட்டாரக் காதம், ஏறத்தாழ இவ்வளவு என்று தருவதே நேர்மையானது. 13-ஆம் நூற்றாண்டு வட தமிழகக் கல்வெட்டுக்கு ஆறு கி.மீ. அளவு என்று எழுதலாம். 19-ஆம் நூற்றாண்டு ஆவணத்துக்குப் பத்து மைலை முதலில் சோதித்துப் பார்க்கலாம். காப்பியங்களுக்குக் காதத்தை மாற்றாமலேயே விட்டு, உண்மையான வழித்தூரத்தைத் தனியே குறிப்பது நல்லது.

முடிவாகாதவை

பத்து மைல் காதம் இடைக்காலப் பெருவழிக் காதம் அன்று என்பதை ஆறகளூர்க் கல் ஏறக்குறைய உறுதியாக்குகிறது. 3.66 கி.மீ. காதத்துக்கும் அங்கே இடமில்லை. இதற்கு மேல் உறுதி குறைகிறது. ஆறகளூர் ஒரு கல், ஒரு வழி, ஒரு சிற்றரசர் நாடு. மகதை மண்டலத்துக் காதமும் பாண்டிய நாட்டுக் காதமும் ஒன்றாக இருந்தன என்று கொள்ள இன்னும் ஆதாரம் இல்லை. நிலமளந்த கோல்கள் ஊருக்கு ஊர் மாறியதைப் பார்த்தால், ஒன்றாக இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதும் கடினம்.

அந்த 32-ஐ யாரேனும் கோலோ கயிறோ கொண்டு அளந்தார்களா, நடந்த சாமங்களை எண்ணினார்களா என்பதும் திறந்தே இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. நேரத்தால் சொன்ன காதம் மலைவழியில் சுருங்கும், சமவெளியில் நீளும். அளந்த காதம் எங்கும் ஒன்றாக இருக்கும். தருமபுரிக் கற்கள் நின்ற நிலம் ஆறகளூர்–காஞ்சி வழியைவிட மேடுபள்ளமானது. அக்கற்கள் முதலில் நட்ட இடங்களை உறுதிசெய்து இடையிலான பாதையை அளந்தால், அங்கே காதம் ஆறு கிலோமீட்டருக்கு நன்றாகக் குறைகிறதா, அதே அளவில் நிற்கிறதா என்பது தெரியும். பாண்டிய நாட்டிலோ கொங்கிலோ முழு எண்ணும் இலக்கூரும் தெளிவாக உள்ள இன்னொரு கல் கிடைத்தால், வட்டார வேறுபாடு பற்றிய கேள்வியையும் அப்போது எடுத்துக்கொள்ள முடியும்.